சாய்தளத்தில் உராய்வுக் குணகம்: பிழை கோணத்திலா, பரப்பிலா?

ஒரு பலகையின் மேல் மரக்கட்டை ஒன்றை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துகிறோம். ஒரு கட்டத்தில் கட்டை சட்டென்று நழுவுகிறது. அந்தக் கணத்தில் பலகை கிடைமட்டத்தோடு எவ்வளவு கோணத்தில் இருந்தது என்று குறித்துக்கொண்டால் போதும், ஓய்வுநிலை உராய்வுக் குணகம் கிடைத்துவிடும். தராசு வேண்டாம், வில்தராசும் வேண்டாம்.

எடையே தெரியாமல் இது எப்படி முடிகிறது? கட்டையின் எடை mg, சாய்வில் இரண்டாகப் பிரிகிறது. பலகையின் வழியே கீழ்நோக்கி இழுக்கும் பகுதி mg sin θ. பலகையை அழுத்தும் பகுதி mg cos θ. உராய்வு தாங்கக்கூடிய பெரும அளவு, அழுத்தும் விசையை μ என்ற குணகத்தால் பெருக்கினால் வருவது. நழுவும் கணத்தில் இழுப்பும் தாங்கலும் சமம்:

mg sin θ = μ mg cos θ

இரு பக்கமும் mg அடிபட்டுப் போகிறது. எஞ்சுவது

μ = tan θ

கட்டையின் நிறை, புவியீர்ப்பு முடுக்கம் இரண்டுமே விடையில் இல்லை. உராய்வு சுமைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று 1699-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் அமோந்தோன் வெளியிட்ட விதி இங்கே மறைந்து நிற்கிறது. அந்த விதி பொருந்தும் பரப்புகளில்தான் இப்படி நிறையை அடித்துவிட முடியும்.

அளக்க வேண்டியது ஒரே ஒரு கோணம் என்பதால், கோணத்தை நுட்பமாக அளந்துவிட்டால் விடையும் நுட்பமாகிவிடும் என்று தோன்றும். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

கோணத்தில் நேரும் பிழை குணகத்தில் எவ்வளவாக வந்து விழுகிறது என்று முதலில் கணக்கிடுவோம். tan θ-வை வகையிட்டால் Δμ = (1 + μ²) Δθ. இதில் Δθ ரேடியனில் இருக்க வேண்டும். அரைப் பாகை என்பது 0.0087 ரேடியன். கட்டை 20 பாகை அளவில் நழுவினால் μ சுமார் 0.36. அரைப் பாகை தவறினால் குணகம் 0.01 தவறும், கிட்டத்தட்ட 2.7 சதவீதம். ஆனால் வழுக்கலான பரப்பில் கட்டை 5 பாகையிலேயே நழுவிவிட்டால், அதே அரைப் பாகைத் தவறு 10 சதவீதப் பிழையாகிவிடும். சதவீதப் பிழை மிகக் குறைவாக இருப்பது 45 பாகையில். வழுக்கலான பரப்புகளுக்கு இந்த முறை உகந்ததல்ல என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். அங்கே கட்டையைக் கிடைமட்டமாக இழுத்து விசையை அளப்பது மேல்.

பாகைமானியை அரைப் பாகையைவிட நுட்பமாக நம்புவது கடினம். பலகையின் கீல் இருக்கும் புள்ளியும் பாகைமானியின் மையமும் ஒன்றாக அமையாவிட்டால் பிழை. கண்ணைக் கோட்டுக்கு நேராக வைக்காவிட்டால் பிழை. இதைவிட எளிய வழி நீளத்தை அளப்பது. பலகை 100 சென்டிமீட்டர் நீளம் என்றால், உயர்ந்த முனையின் உயரத்தை அளந்து நீளத்தால் வகுத்தால் sin θ கிடைக்கும். உயரத்தில் 1 மில்லிமீட்டர் தவறினாலும், 20 பாகை அளவில் கோணத்தில் வரும் பிழை 0.06 பாகைதான், குணகத்தில் 0.0012. ஒரு சாதாரண அளவுகோல் பாகைமானியை எட்டு மடங்கு மிஞ்சிவிடுகிறது.

ஆனால் உயரத்தை மேசையிலிருந்து அளக்கிறோம். மேசையே சரிந்திருந்தால்? ஒரு மீட்டருக்கு 9 மில்லிமீட்டர் சரிவு இருந்தால் அது அரைப் பாகை. கண்ணுக்கு இது எளிதில் தெரியாது. எத்தனை முறை அளந்து சராசரி எடுத்தாலும் போகாது, ஏனென்றால் எல்லா அளவீட்டிலும் அதே பக்கம் அதே அளவு வந்து சேர்கிறது. இத்தகைய முறையான பிழையைப் பிடிக்க ஒரு வழி உண்டு: முழு அமைப்பையும் மேசையின் மேல் எதிர்த்திசைக்குத் திருப்பி வைத்து மறுபடி அளப்பது. இரண்டு திசைகளிலும் வரும் சராசரிக் கோணங்களின் வேறுபாட்டில் பாதிதான் மேசையின் சரிவு. பலகையின் பக்கவாட்டில் பாகைமானியை ஒட்டி, அதன் மையத்திலிருந்து ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டால் இந்தச் சிக்கலே எழாது. நூல் மேசையைப் பார்ப்பதில்லை, புவியீர்ப்பின் திசையை மட்டுமே காட்டுகிறது. கைப்பேசியின் சாய்வு காட்டும் செயலியும் அப்படியே. ஆனால் அதைப் பலகையில் ஒருமுறை நேராகவும் ஒருமுறை திருப்பியும் வைத்து, அதன் சுழியம் சரியா என்று பார்த்துவிட வேண்டும். பலகை மெல்லியதாக இருந்தால் நடுவில் தொய்யும். அப்போது முனையின் உயரம் சொல்லும் கோணம் ஒன்று, கட்டை உட்கார்ந்திருக்கும் இடத்தின் கோணம் வேறு.

கை உயர்த்தும் வேகமும் கோணப் பிழைதான். நொடிக்கு 1 பாகை வேகத்தில் உயர்த்தினால், கட்டை நழுவுவதைக் கண் பார்த்துக் கை நிற்பதற்குள் கால் பாகை கூடிவிடும். அது எப்போதும் கூடுதலாகவே வரும், குறைவாக வராது. மாறாக, கை நடுங்கிப் பலகை அதிர்ந்தால் கட்டை முன்னதாகவே நழுவிவிடும். அடியில் ஒரு திருகுத்தாங்கியை வைத்து உயர்த்துவது இரண்டையும் குறைக்கும்.

இவ்வளவும் செய்து கோணத்தை 0.1 பாகைக்குள் கொண்டுவந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே கட்டையைப் பத்து முறை நழுவவிட்டு இப்படி அளவுகள் கிடைத்தால் என்ன செய்வது?

19.0, 21.5, 20.0, 22.0, 18.5, 20.5, 21.0, 19.5, 23.0, 20.0

இது விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட வரிசை. மரத்தின் மேல் மரம் நழுவும்போது இந்த அளவு சிதறல் வருவது வியப்பல்ல. சராசரி 20.5 பாகை, குணகம் 0.374. திட்ட விலக்கம் 1.4 பாகை, குணகத்தில் 0.028. அளக்கும் கருவி 0.1 பாகைக்குச் சரியாக இருக்கிறது, அளவுகளோ அதைப் போல் பதினான்கு மடங்கு சிதறுகின்றன. இந்தச் சிதறல் கருவியில் இல்லை, பரப்பில் இருக்கிறது. இன்னும் நுட்பமான கோணமானி வாங்கினாலும் இது ஒரு துளிகூடக் குறையாது.

பரப்பு ஏன் இப்படி நடந்துகொள்கிறது? கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் இரண்டு பரப்புகள் உண்மையில் தொட்டுக்கொள்வது ஆங்காங்கே துருத்தும் நுண்ணிய மேடுகளில் மட்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பௌடன், டேபர் என்ற இரு இயற்பியலாளர்கள் காட்டியபடி, உண்மையான தொடுபரப்பு நாம் காணும் பரப்பில் மிகச் சிறிய பங்கு. கட்டையை எடுத்து மறுபடி வைத்தால் வேறு மேடுகள் வேறு மேடுகளோடு பொருந்துகின்றன. ஒவ்வொரு முறையும் நாம் அளப்பது ஒரு புதிய தொடுகையை. அதனால்தான் எண்கள் மேலும் கீழும் ஆடுகின்றன.

இந்த ஆட்டத்தைச் சராசரி எடுத்துச் சமாளிக்கலாம். பத்து அளவுகளின் சராசரிக்கு உள்ள ஐயப்பாடு 1.4-ஐ √10 ஆல் வகுத்தது, அதாவது 0.44 பாகை, குணகத்தில் 0.009. ஆனால் இது ஒரு நிபந்தனையோடு மட்டுமே செல்லும்: பத்து முயற்சிகளின்போதும் பரப்பு அதே நிலையில் இருந்திருக்க வேண்டும்.

இப்போது அதே பத்து எண்கள் வேறு வரிசையில் வந்திருந்தால் என்று பாருங்கள்:

23.0, 22.0, 21.5, 21.0, 20.5, 20.0, 20.0, 19.5, 19.0, 18.5

சராசரி அதே 20.5. திட்ட விலக்கமும் அதே 1.4. கணிப்பானில் போட்டால் இரண்டு வரிசைக்கும் ஒரே விடை. ஆனால் இரண்டாவது வரிசையில் நடந்திருப்பது முற்றிலும் வேறு. ஒவ்வொரு நழுவலும் மேடுகளைத் தேய்த்து, இழைகளை ஒரு திசையில் படியவைத்து, பரப்பை மாற்றிக்கொண்டே போயிருக்கிறது. 20.5 என்ற சராசரி இங்கே எந்தப் பரப்பின் அளவும் அல்ல. முதல் முயற்சியின் பரப்பு இப்போது இல்லை, கடைசி முயற்சியின் பரப்பு அப்போது இல்லை. இப்படிப்பட்ட சரிவு தெரிந்தால், அளவுகள் இறங்குவதை நிறுத்தி ஒரு மட்டத்தில் ஆடத் தொடங்கும் வரை நழுவவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருபவற்றை மட்டும் சராசரிக்கு எடுக்க வேண்டும். எனவே அளவுகளை எடுத்த வரிசையிலேயே எழுதி, முயற்சி எண்ணுக்கு எதிராகக் கோணத்தை ஒரு வரைபடமாகப் போட்டுப் பார்ப்பதை நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன். மின்னணுக் கோணமானியைவிட இந்தக் காகிதத் துண்டு அதிகம் சொல்லும்.

பரப்பின் நிலையை மாற்றுபவை வேறும் உண்டு. விரல் பட்ட இடத்தில் தங்கும் எண்ணெய்ப்பசை ஒரு மெல்லிய படலமாக இடையில் நின்று உராய்வை மாற்றும். கட்டையைப் பக்கங்களில் பிடித்துத் தூக்க வேண்டும், அடிப்பரப்பைத் தொடக்கூடாது. தூசு சில நேரம் உருளைகளாகி நழுவலை எளிதாக்கும், சில நேரம் குத்திக்கொண்டு தடுக்கும். மரமும் காகிதமும் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால், காலையில் எடுத்த அளவும் மாலையில் எடுத்த அளவும் ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

நேரமும் கணக்கில் வரும். கட்டை எவ்வளவு நேரம் அசையாமல் இருந்ததோ அதற்கேற்ப ஓய்வுநிலை உராய்வு கூடுகிறது என்பதைப் பிரெஞ்சு இயற்பியலாளர் கூலோம் தன் 1785-ஆம் ஆண்டு வெளியீட்டிலேயே குறித்திருக்கிறார். பல பொருள்களில் இந்த உயர்வு நேரத்தின் மடக்கையைப் பின்பற்றுகிறது: 1 நொடியிலிருந்து 10 நொடிக்குள் எவ்வளவு கூடுகிறதோ, அதே அளவு கூட அடுத்து 100 நொடி வரை ஆகும். இதனால் ஓர் இழுபறி எழுகிறது. கோணப் பிழையைக் குறைக்கப் பலகையை மிக மெதுவாக உயர்த்தினால், கட்டை நீண்ட நேரம் ஓய்வில் இருந்து உராய்வு கூடிவிடும். இரண்டையும் ஒருசேர ஒழிக்க முடியாது. கட்டையை வைத்தபின் 10 நொடி காத்திருப்பது, பிறகு ஒரே வேகத்தில் உயர்த்துவது என்று ஒரு முறையை வகுத்துக்கொண்டு, எல்லா முயற்சியிலும் அதையே பின்பற்றினால் ஒப்பிடத்தக்க எண்களாவது கிடைக்கும்.

முதல் வரிசையின் விடையை எழுதும்போது 0.3739 என்று நான்கு தசம இடம் தருவதில் பொருளில்லை. 0.37, சராசரியின் ஐயப்பாடு 0.01, ஒரு தனி முயற்சி சராசரியிலிருந்து விலகும் அளவு சுமார் 0.03 என்று எழுத வேண்டும். அத்தோடு மரம் இழைத்ததா, மெருகு பூசியதா, எதைக் கொண்டு துடைத்தது, இழை எந்தத் திசையில் இருந்தது, எத்தனை முறை நழுவவிட்டபின் அளந்தது ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். பாடநூல் அட்டவணைகள் மரத்தின் மேல் மரத்துக்கு 0.25 முதல் 0.5 வரை என்று அகலமான ஓர் எல்லையைத் தருவது இந்த விவரங்கள் எல்லாம் ஒற்றை எண்ணுக்குள் அடங்காததால்தான். உங்கள் 0.37 அந்த எல்லைக்குள் விழுந்தது என்பதால் மட்டும் அளவீடு சரியென்று ஆகிவிடாது. பலகையைத் திருப்பி வைத்து எடுத்த பத்து அளவுகளும் அதே சராசரியைச் சுற்றி, எந்தச் சரிவும் இல்லாமல் ஆடுகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும்.