நூல் அறுந்ததும் தறி ஏன் நிற்க வேண்டும்?

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஒரு பம்பு கம்பெனியின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்குப் பன்னிரண்டு நிமிட ஆவணப்படம் எடுக்கிறார். முதல் வரைவைப் போட்டுக் காட்டியபோது, மூன்றாவது நிமிடத்திலேயே முதலாளியின் பேத்தி போனை எடுத்துவிட்டாளாம். “ஆரம்பத்தில் ட்ரோன் ஷாட், குத்துவிளக்கு, நிறுவனரின் படம் எல்லாம் வைத்தேன் சார். டைட்டிலுக்கு முன்னால் ஒரு கோல்ட் ஓப்பன் வைக்கலாம் என்கிறார்கள். அதற்கு ஏதாவது அறிவியல் இருக்கிறதா?” என்று கேட்கிறார்.

இருக்கிறது. கோல்ட் ஓப்பன் என்றால் பெயர், லோகோ, வருடம் எதுவும் வருவதற்கு முன்னால் நேராக ஒரு நிகழ்ச்சிக்குள் இறங்குகிற காட்சி. தொலைக்காட்சித் தொடர்களில் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு நிமிடப் படத்துக்கு ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம் போதும்.

இந்தப் பேச்சை எடுத்தாலே யாராவது “மனிதனின் கவனம் 8 நொடி, தங்கமீனுடையது 9 நொடி” என்பார்கள். நிறுவனக் கூட்டங்களில் திரையில் போடப்படும் நவீன ராகுகாலம் இது. இந்த எண்களுக்குப் பின்னால் உருப்படியான ஆய்வு எதுவும் கிடையாது. மூன்று மணி நேரப் படத்தை இடைவேளையோடு உட்கார்ந்து பார்க்கிற ஊரில் இதை எப்படித்தான் நம்புகிறார்களோ.

நிறுவனப் படத்தின் உண்மையான சிக்கல் வேறு. நிறுவனர் பிறந்த ஊரையும் முதல் கடன் வாங்கிய வங்கியையும் பார்ப்பவர் கேட்கவே இல்லை. அவர் கேட்காத கேள்விக்குப் படம் விடை சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தக் கேள்வியை அவருக்குள் எழுப்புவதுதான் கோல்ட் ஓப்பனின் வேலை.

கேள்வி எப்படி எழுகிறது என்பதற்கு அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994-இல் ஒரு விளக்கம் தந்தார். தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே உள்ள இடைவெளி கண்ணில் படும்போது ஆர்வம் பிறக்கிறது என்றார். ஒன்றுமே தெரியாத விஷயத்தில் இடைவெளி இருப்பதே தெரியாது. முழுக்கத் தெரிந்ததில் இடைவெளி இல்லை. 2009-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் பொது அறிவுக் கேள்விகளை வைத்து இதைச் சோதித்தார்கள். விடை தெரியும் என்று உறுதியாக இருந்தவர்களுக்கும், துளிகூடத் தெரியாதவர்களுக்கும் ஆர்வம் குறைவு. “நாக்கு நுனியில் நிற்கிறதே” என்று தவித்தவர்களுக்குத்தான் அதிகம்.

இதை வைத்து ஒரு கோல்ட் ஓப்பன் எழுதிப் பார்க்கலாம். டொயோட்டாவின் கதையை எடுத்துக்கொள்கிறேன். அந்த நிறுவனம் எடுத்த படம் எதையும் பற்றிச் சொல்லவில்லை. காட்சிகளைக் கோத்தது நான், உள்ளே இருக்கும் வரலாறு உண்மையானது.

திரை இருட்டாக இருக்கிறது. விசைத்தறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கிற அந்த ஒரே தாளம், பத்து நொடி. மெல்ல வெளிச்சம் வந்தால் பாவு நூல்கள் தெரிகின்றன. ஒவ்வொரு நூலிலும் மெல்லிய உலோகத் தகடு ஒன்று தொங்குகிறது. ஒரு நூல் அறுகிறது. அதுவரை நூலின் இழுவிசையில் நின்ற தகடு விழுகிறது. தறி நிற்கிறது. மூன்று நொடி நிசப்தம்.

அந்த மூன்று நொடியை இசையமைப்பாளர் நிரப்பப் பார்ப்பார், அனுமதிக்காதீர்கள். ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் மூளை அதற்கு ஒரு மாதிரியை உருவாக்கிக்கொண்டு கவனிப்பதை நிறுத்திவிடும் என்று சோவியத் விஞ்ஞானி சோகலோவ் காட்டினார். மாதிரி பொய்யாகும்போது சட்டென்று திரும்பிப் பார்க்கும். வர வேண்டிய சத்தம் வராமல் போனாலும் அதே திடுக்கிடல்தான். கிரைண்டர் ஓடும்போது பேசிக்கொண்டே இருப்போம். கரண்டு போய் அது நின்றதும் எல்லோரும் சமையலறைப் பக்கம் திரும்புவோம் இல்லையா, அதுதான்.

ஆனால் திடுக்கிடல் சில நொடிதான் தாங்கும். அதற்குள் கேள்வியைக் கையில் கொடுத்துவிட வேண்டும். நிசப்தத்திலிருந்தே அடுத்த காட்சி. கார்த் தொழிற்சாலை. வண்டிகள் மெதுவாக நகர்கின்றன. ஒரு தொழிலாளியின் கை மேலே போய், தலைக்கு மேல் ஓடும் கயிற்றை இழுக்கிறது. பலகையில் விளக்கு எரிகிறது. ஒரு சின்ன மெட்டு ஒலிக்கிறது. குழுத்தலைவர் விறுவிறுவென்று நடந்து வருகிறார். வண்டி இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. தரையில் போட்டிருக்கும் கோட்டை நெருங்குகிறது. அப்போது முதல்முறையாகக் குரல்: “அறுந்த நூலுக்குத் தறியை நிறுத்தலாம். ஒரு ஆணிக்காக இத்தனை கார்களையும் நிறுத்தலாம் என்ற உரிமையை இவருக்கு யார் கொடுத்தது?” வண்டி கோட்டைத் தொடுவதற்கு முன் வெட்டு. டைட்டில்.

பார்ப்பவருக்குத் தறி என்றால் தெரியும், கார் என்றாலும் தெரியும். இரண்டையும் இணைப்பது எது என்பதுதான் தெரியாது. நாக்கு நுனியில் நிற்கிற நிலை. கார்க் கம்பெனிப் படம் என்று தெரிந்தேதான் அவர் உட்கார்ந்திருப்பார்; அதனால் பெயரை ஒளித்துவைப்பதில் பலன் இல்லை.

இன்னொன்று: கயிற்றை இழுத்த கணத்தில் எல்லாம் நின்றுவிடுவதுபோல் காட்டினால் காட்சி வேகமாக இருக்கும், ஆனால் பொய். குழுத்தலைவர் வந்து, அந்தக் கோட்டை வண்டி எட்டுவதற்குள் சரிசெய்ய முடியாவிட்டால்தான் அந்த வரிசை நிற்கும். உண்மையைச் சொன்னதால் நமக்கு ஒரு கெடு கிடைத்துவிட்டது பாருங்கள், அந்தக் கோடு.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். டைட்டில் முடிந்ததும் நிறுவன வரலாறு வரப்போகிறது. கேள்வியோடு காத்திருப்பவருக்கு அது இடைஞ்சலாகத்தானே இருக்கும்?

2014-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மத்தியாஸ் க்ரூபரும் சரண் ரங்கநாத்தும் ஓர் அழகான சோதனை செய்தார்கள். ஒருவரிடம் கேள்வியைக் காட்டுவார்கள். விடை வர 14 நொடி ஆகும். அந்தக் காத்திருப்பின் நடுவில், சம்பந்தமே இல்லாமல் யாரோ ஒருவரின் முகம் திரையில் வந்துபோகும். எல்லாம் முடிந்தபின் முன்னறிவிப்பில்லாமல் நினைவுச் சோதனை. ஆர்வத்தைத் தூண்டிய கேள்விகளின் விடைகள் சுமார் 71 சதவீதம் நினைவில் இருந்தன, தூண்டாதவற்றில் 54. இதில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் அந்த முகங்களில். யாரும் கேட்காத, எதற்கும் விடையாகாத அந்த முகங்கள்கூட, ஆர்வத்தோடு காத்திருந்த நேரத்தில் வந்திருந்தால் கூடுதலாக நினைவில் தங்கின.

மூளை ஸ்கேனில் என்ன தெரிந்தது என்றால், ஆர்வம் தூண்டப்பட்டதும் பரிசை எதிர்பார்க்கும்போது விழிக்கிற டோபமைன் பாதை விழிக்கிறது. அது நினைவைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸோடு சேர்ந்து இயங்குகிறது. விடைக்காகத் திறந்த கதவு, விடை வரும்வரை திறந்தே கிடக்கிறது. அந்நேரம் வாசலில் யார் வந்தாலும் உள்ளே நுழைந்துவிடுகிறார்கள், பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்து இருக்கைக்காரரின் ஊர், பேர் எல்லாம் மனதில் தங்கிவிடுகிற மாதிரி.

நிறுவன வரலாறுதான் அந்த அழைக்காத முகம். கேள்விக்கும் விடைக்கும் நடுவே அதை வைத்தால் இடைஞ்சலையே இடமாக மாற்றிக்கொள்ளலாம்.

அளவோடு சொல்கிறேன்: முகங்களில் வித்தியாசம் நான்கு சதவீதப் புள்ளிகள்தான், சோதனையில் இருந்தவர்கள் இருபது பேர் அளவில். ஒரு மேடை விழாவின் எல்.இ.டி. சுவருக்கு ஆகும் பணத்தை இதுமாதிரி ஆய்வுகளுக்குக் கொடுத்தால் நூற்றுக்கணக்கானோரை வைத்துச் செய்து பார்க்கலாம்; யார் கொடுக்கிறார்கள்? இருந்தாலும் க்ரூபரின் குழு 2021-இல் வெளியிட்ட அடுத்த ஆய்வு நமக்கு நேரடியாகப் பயன்படும். கேள்வி வந்த கையோடு காட்டிய முகங்களுக்குத்தான் பலன்; விடைக்குச் சற்று முன் காட்டியவற்றுக்கு இல்லை.

ஆகவே வரலாற்றில் எது மறக்கவே கூடாதோ, அது டைட்டில் முடிந்ததும் முதல் சில வாக்கியங்களில் வர வேண்டும். நம் படத்தில் அது சாகிச்சி டொயோடா. 1867-இல் பிறந்த தச்சர் மகன். 1924-இல் வந்த அவருடைய ஜி வகைத் தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். குறையுள்ள துணியை மேலும் மேலும் நெய்துகொண்டே போகாது. இதைச் சொன்னபிறகு மற்றவற்றுக்குப் போகலாம். 1929-இல் அந்தத் தறியின் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு 1,00,000 பவுண்டுக்குக் கொடுத்தது, மகன் கீச்சிரோ கார் பக்கம் திரும்பியது, 1937-இல் கார் நிறுவனம் பிறந்தது. நான்காவது நிமிடம்போல விடை: குறை தெரிந்ததும் நிற்க வேண்டும் என்ற தறியின் குணத்தை மனிதர் கைக்குக் கொடுத்ததுதான் அந்தக் கயிறு. அவர்கள் இதை ஜிடோகா என்கிறார்கள். பிறகு அந்த வண்டி கோட்டைத் தொட்டதா என்று காட்டிவிட வேண்டும். அதை மறந்தால் பார்த்தவர் மன்னிக்கமாட்டார்.

சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிறுவனத்துக்குள் யாரிடமும் கேட்காதீர்கள். விடை தெரிந்தவரால் தெரியாதவரின் மனநிலைக்குப் போகவே முடியாது. இதற்கு ‘அறிவின் சாபம்’ என்று 1989-இல் பெயர் வைத்தவர்களில் அதே லோவன்ஸ்டைனும் ஒருவர். வெளியாட்கள் மூன்று பேரைத் தனித்தனியாக உட்காரவைத்து, டைட்டில் வந்ததும் நிறுத்திவிட்டு, “இப்போது என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?” என்று கேளுங்கள். மூவரும் ஏறக்குறைய ஒரே கேள்வியைச் சொன்னால் காட்சி வேலை செய்கிறது. ஆளுக்கொன்று சொன்னால் கேள்வியைத் தூண்டும் கொக்கிகள் அதிகம், இரண்டைக் கழற்றுங்கள். “கேமரா பிரமாதம் சார்” என்றால் கேள்வியே எழவில்லை. “ஒன்றும் புரியவில்லை” என்றால் தெரிந்த பொருள் ஒன்றைக் கூட்டுங்கள்.

கோவை நண்பருக்கு. குத்துவிளக்கை எடுக்க முதலாளி சம்மதிக்கமாட்டார் என்கிறீர்கள். டைட்டிலுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள், விளக்கு எங்கே எரிந்தாலும் விளக்குதான். உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். நிறுவனர் செய்த முதல் பம்பு அவர் அறையில் இன்னும் இருக்கிறது, ஓடாது, அதைப் பழுதுபார்க்க யாரையும் அவர் விட்டதில்லை என்று. ஏன் விடவில்லை? உங்கள் கேமராவை அங்கே கொண்டுபோய் வையுங்கள். ஒரு மெக்கானிக் ஸ்பானரோடு குனியட்டும். யாரோ ஒருவர் வேண்டாம் என்று அவர் கையைப் பிடிக்கட்டும். அங்கே வெட்டுங்கள்.