ஈரக்கையும் காய்ப்புக்கையும்: ரேகைக் கருவிக்கு எப்படிப் பழக்குவது?

"அம்மா சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறார். ரேஷன் கடையில் அவருக்கு மட்டும் ரேகை விழுவதே இல்லை. வேலை செய்து செய்து ரேகை அழிந்துவிடுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நிரந்தரமாக அழியாது. ரேகையின் அச்சு மேல்தோலுக்கு அடியில் இருக்கிறது. மேலே தேய்ந்தாலும், சில வாரம் ஓய்வு கிடைத்தால் அதே வரிகள் மறுபடி வளர்ந்து வரும். ஆனால் தினமும் பாத்திரம் தேய்ப்பவருக்கும் சிமெண்டு குழைப்பவருக்கும் அந்த ஓய்வு கிடைப்பதில்லை. அதனால் கருவிதான் அவர்கள் விரலுக்குப் பழக வேண்டும்.

கடைகளில் பரவலாக இருப்பது ஒளியால் படிக்கும் கருவி. விரல் வைக்கும் கண்ணாடி உண்மையில் ஒரு பட்டகத்தின் முகம். அடியிலிருந்து சாய்வாக ஒளி வருகிறது. ரேகையின் மேடு கண்ணாடியைத் தொடும் இடத்தில் ஒளி தோலுக்குள் போய்விடும். படத்தில் அது கறுப்பு. பள்ளத்தில் காற்று இருப்பதால் ஒளி முழுவதும் திரும்பி வரும், அது வெள்ளை. பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்புதான் இது. கண்ணாடிக்கும் காற்றுக்கும் மாறுநிலைக் கோணம் சுமார் 42 டிகிரி; அதைவிடச் சாய்வாக வரும் ஒளி முழுவதும் திரும்பிவிடும். ஆகவே ஒளியை 45 டிகிரியில் அனுப்பினால் போதும்.

ஈரவிரலில் பள்ளங்களில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிற்கிறது. கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் மாறுநிலைக் கோணம் சுமார் 62 டிகிரி. 45 டிகிரியில் வரும் ஒளி தண்ணீர் வழியாகவும் தப்பிவிடும். மேடும் பள்ளமும் ஒன்றாகக் கறுத்து, படத்தில் ஒரு மைக்கறைதான் மிஞ்சும். இதற்கான தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. சிக்கலான மென்பொருள் வேண்டாம், ஒளியின் கோணத்தை 62-க்கு மேலே கொண்டுபோனால் போதும். அப்போது தண்ணீர் இருந்தாலும் பள்ளத்திலிருந்து ஒளி திரும்பி வந்துவிடும். தோலின் ஒளிவிலகல் எண் தண்ணீரைவிட அதிகம் என்பதால், மேடு மட்டும் ஒளியை உள்ளே வாங்கிக்கொள்ளும். அவ்வளவு சாய்வாகப் பார்த்தால் படம் ஒரு பக்கம் நசுங்கும். அதை அப்புறம் கணக்குப் போட்டு நீட்டிக்கொள்ளலாம்.

வறண்ட விரலின் சிக்கல் வேறு. மேடுகள் கண்ணாடியில் முழுதாகப் படிவதில்லை. கோடு புள்ளி புள்ளியாக உடைகிறது. நம்மூரில் விரலை நெற்றியிலோ தலைமுடியிலோ தேய்த்துவிட்டு வைப்பார்கள். சரியான வழிதான்: அந்த எண்ணெய்ப்பசை தோலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள நுண்ணிய இடைவெளியை நிரப்புகிறது. கண்ணாடிமேல் மெல்லிய, மென்மையான சிலிக்கோன் படலம் ஒட்டினாலும் இதே பலன் கிடைக்கும்.

சொரசொரப்பான, வெட்டுப்பட்ட விரலுக்குத்தான் மென்பொருள் வேண்டும். கருவி ரேகை முழுவதையும் ஒப்பிடுவதில்லை. கோடு முடியும் இடங்களையும் கிளைக்கும் இடங்களையும் குறித்துக்கொள்கிறது. காய் நறுக்கும்போது பட்ட ஒரு கத்திவெட்டு பத்துக் கோடுகளைக் குறுக்கே அறுத்தால், இல்லாத முடிவுகள் இருபது முளைக்கும். ஆனால் அவை எதிரெதிரே ஜோடியாக, ஒரே நேர்க்கோட்டில் நிற்கும். உண்மையான முடிவுகள் அப்படி வரிசை கட்டுவதில்லை. இந்த அடையாளத்தை வைத்துப் போலிகளை நீக்கலாம். அடுத்து, படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கோடுகள் எந்தத் திசையில், எவ்வளவு நெருக்கமாக ஓடுகின்றன என்று கணக்கிட்டு, விட்டுப்போன இடங்களை நிரப்புகிறார்கள். கலைந்த கோலத்தைப் பக்கத்து இழைகளைப் பார்த்து இட்டு முடிப்பது போலத்தான். இதற்கு எல்லை உண்டு. பெரிய பரப்பு தேய்ந்திருந்தால் மென்பொருள் இல்லாத கோடுகளை வரைந்துவிடும். அந்த இடத்தைத் தொடாமல் ஒதுக்கிவிடுவதே நேர்மையான வழி.

இப்போது இந்த வேலையை நரம்பியல் வலையமைப்புகள் செய்கின்றன. நல்ல படத்தைச் செயற்கையாக ஈரமாக்கி, தேய்த்து, கீறிக் கொடுத்து, மூலத்தைக் கண்டுபிடி என்று பயிற்றுகிறார்கள். ஆனால் உண்மையான உழைப்பாளி விரல்கள் பயிற்சியில் எவ்வளவு? 2004-இல் நடந்த எஃப்.வி.சி. என்ற ரேகை ஒப்பிடும் மென்பொருள்களுக்கான உலகப் போட்டிக்காக விரல்களை வேண்டுமென்றே நனைத்தும் உலர்த்தியும் படம் எடுத்தார்கள், நல்ல யோசனை. விரல் கொடுத்தவர்களோ இத்தாலியின் பொலோனா பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் மாணவர்கள், சராசரி வயது 24. கொத்தனாரின் விரலை நனைத்தால் வரும் படம் அதில் எப்படி இருக்கும்? நம் நாட்டில் கருவிக்குத் தரச்சான்று தருமுன் செங்கல் சூளையிலும் சத்துணவுக்கூடத்திலும் வைத்துச் சோதிக்கப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகரின் அம்மாவுக்கு: கையைத் துடைத்து, சில நிமிடம் காயவிட்டு, துளி எண்ணெய் தொட்டு வையுங்கள். கட்டைவிரலையே திரும்பத் திரும்ப வைக்காமல், கத்தி பிடிக்காத கையின் மோதிர விரலை முயலுங்கள். வேலையில் அது குறைவாகத் தேயும். பத்து விரலும் ஆதாரில் பதிவாகியிருக்கும். பதிவு பழையதென்றால், பள்ளி விடுமுறையில் கை சற்று ஆறிய பிறகு ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.