முன்பழியும் சேர்க்கைப் பழியும்: சொல் விளக்கம்

எங்கள் ஊர்ப் பொதுவீடு ஒன்றில் இரண்டாம் கட்டின் கூரை ஒழுகத் தொடங்கியபோது, பங்குள்ள குடும்பப் புள்ளிகள் எல்லாம் வீட்டின் உள்முற்றமான வளவில் கூடின. ஒரு பக்கத்தார் கட்டைப் பிரித்து மரங்களை விற்றுவிடலாம் என்றனர். மறுபக்கத்தார் பழுது பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்றனர். மரத்தின் நிலையைச் சொல்வதற்குச் சுண்ணாம்பு வேலையும் மரவேலையும் தெரிந்த வயதான கொத்தனார் ஒருவரை வரவழைத்திருந்தார்கள். அவர் முகப்பைத் தாண்டி உள்ளே வருவதற்குள் ஒருவர் எழுந்து, “அண்ணே, இவரு சொல்றதைக் கேக்கறதுக்கு முன்னால ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. முப்பது வருசமாப் பெரிய வீட்டு வேலையெல்லாம் பாக்குறவரு இவருதான். அவங்க வீட்டுச் சோத்தைத் தின்னவரு, அவங்க சொல்லிக் குடுத்ததைத் தவிர வேற என்ன சொல்லுவாரு?” என்றார். பெரிய வீட்டார்தாம் மரத்தை விற்கச் சொன்ன பக்கத்தார்.

அந்த இரண்டு மூன்று வரிகளுக்குள் இருவேறு வேலைகள் நடந்தன. இன்னாரோடு பழகியவர், ஆகையால் இன்ன குணத்தவர் என்று முடிவு கட்டியது முதல் வேலை. இதற்கு ஆங்கிலத்தில் ‘கில்ட் பை அசோசியேஷன்’ என்று பெயர்; தமிழில் நான் ‘சேர்க்கைப் பழி’ என்பேன். அந்த முடிவை அவர் வாய் திறப்பதற்கு முன்பே கேட்பவர் மனத்தில் ஊன்றிவிட்டது இரண்டாவது. இதை ‘பாய்சனிங் தி வெல்’, அதாவது கிணற்றில் நஞ்சிடல் என்பார்கள்; நான் ‘முன்பழி’ என்பேன். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். பழக்கத்தைச் சொல்லாமலே ஒருவரை முன்கூட்டிக் கெடுக்கலாம். ஒருவர் பேசி முடித்த பிறகும் அவருடைய பழக்கத்தைச் சொல்லிப் பழிக்கலாம். ஆயினும் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. முதலாவது சரக்கு என்றால் இரண்டாவது அதை இறக்கும் நேரம்.

இரண்டாவது தொடரின் பிறப்பைத் தெளிவாகவே காட்ட முடிகிறது. 1864 ஜனவரியில், சார்லஸ் கிங்ஸ்லி என்ற ஆங்கிலிக்கப் பாதிரியார் மாக்மில்லன் மாத இதழில் ஒரு வரலாற்று நூலுக்கு மதிப்புரை எழுதினார். கேம்பிரிட்ஜில் வரலாற்றுப் பேராசிரியராகவும் நாவலாசிரியராகவும் இருந்தவர் அவர். உண்மையை உண்மைக்காகவே போற்றுவது ரோமன் கத்தோலிக்கக் குருமாரிடம் ஒருபோதும் ஓர் அறமாக இருந்ததில்லை என்றும், அப்படி இருக்கத் தேவையில்லை என்று ஜான் ஹென்றி நியூமனே சொல்கிறார் என்றும் அந்த மதிப்புரையில் போகிற போக்கில் எழுதிவிட்டார். நியூமன் 1845இல் ஆங்கிலிக்கத் திருச்சபையை விட்டுக் கத்தோலிக்கரானவர். நான் எங்கே அப்படிச் சொன்னேன் என்று அவர் கேட்க, கடிதங்கள் நடந்தன. பிறகு கிங்ஸ்லி ஒரு சிறு நூலே வெளியிட்டார். நியூமன் இனி எழுதும் ஒவ்வொரு சொல்லையும் ஐயத்தோடும் அச்சத்தோடும்தான் பார்க்க முடியும், ஏதோ ஒரு தந்திரமான இரட்டைப் பேச்சுக்கு நான் ஏமாந்துவிடவில்லை என்று எப்படி அறிவேன் என்ற பொருளில் அதில் எழுதியிருந்தார்.

நியூமன் 1864 ஏப்ரல் 21 தொடங்கி வியாழன்தோறும் பகுதி பகுதியாக வெளியிட்ட ‘அப்பொலோஜியா’ என்ற தன்னிலை விளக்க நூலில், முதல் பகுதியிலேயே இதைப் பிடித்துக்கொண்டார். கிங்ஸ்லி சாட்டிய குற்றம் உண்மையா பொய்யா என்பதற்குக்கூடப் போகாமல், நான் சொல்லப் போகும் விடை எதுவாயினும் அதன்மேல் வாசகர் மனத்தில் ஐயத்தையும் அவநம்பிக்கையையும் முன்னதாகவே ஊற்றிவிட்டார், இதையே கிணறுகளில் நஞ்சிடுவது என்கிறேன் என்றார். தொடரைப் பரவச் செய்தது இந்த இடம்தான். வேடிக்கை என்னவென்றால், 1865இல் நூலைத் திருத்தி வெளியிட்டபோது, சண்டையின் சூடு தணிந்துவிட்டது என்று கருதியோ என்னவோ, இந்தத் தொடக்கப் பகுதிகளை நியூமன் எடுத்துவிட்டார். பிற்காலப் பதிப்பை மட்டும் புரட்டுகிறவர் அந்தத் தொடரைத் தேடி ஏமாறக்கூடும்.

நியூமனின் வாக்கியத்தை உற்றுப் பார்த்தால், நம் மொழிபெயர்ப்புகள் எங்கே வழுக்குகின்றன என்பது தெரியும். கிணறு என்பது பேசுகிறவர், அவரிடமிருந்து வரும் செய்தி தண்ணீர், அந்தத் தண்ணீரை எதிராளி கெடுத்துவிடுகிறார் என்றே பலரும் விளக்குகிறார்கள். நியூமன் நஞ்சு ஊற்றப்பட்டதாகச் சொல்வது பொதுமக்களின் மனத்தில். நியூமன் சொல்லவிருந்த விடையில் ஒரு துளியும் மாறவில்லை. மாறியதெல்லாம் குடிக்கிறவர்களின் நாக்கு. நம் வழக்கில் இதற்கு மிக நெருங்கிய பேச்சு ஏற்கெனவே இருக்கிறது. “அவன் மனசுல விஷத்தை ஏத்திவிட்டான்” என்கிறோமே, அது நியூமனின் கருத்துக்குக் கிணற்றைவிட நேரானது.

கிணறு என்ற உருவகத்துக்கு இன்னொரு கறையும் உண்டு. 1348, 1349ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவில் கொள்ளைநோய் பரவியபோது, யூதர்கள் கிணறுகளில் நஞ்சிட்டதாகப் பழி கிளம்பி, ஊர் ஊராகக் கொலைகள் நடந்தன. ஸ்ட்ராஸ்பூர்கில் 1349 பிப்ரவரி 14 அன்று நடந்தது அவற்றுள் ஒன்று. யூதர்களும் அதே நோயில் சாகிறார்களே என்று போப் ஆறாம் கிளமெண்ட் எடுத்துச் சொல்லியும் கொலைகள் நிற்கவில்லை. ஆக, கிணற்றில் நஞ்சு என்பதே வரலாற்றில் ஒரு கூட்டத்தின்மேல் ஒட்டுமொத்தமாகச் சாட்டப்பட்ட பொய்ப் பழியாக இருந்திருக்கிறது. நம் பக்கத்திலேயே புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்த பிறகு, ‘நீரில் கலப்பது’ என்ற பேச்சு இங்கே யாருக்கும் வெறும் உருவகமாகக் கேட்காது. செட்டிநாட்டில் வீட்டுக் கிணறு புழங்குவதற்கும் ஊருணி குடிப்பதற்கும் என்று பிரிந்திருந்த ஊர்கள் பல என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிணற்றை வைத்து உருவகம் செய்தால், ஊர் முழுவதும் ஒரே நீரைக் குடிக்கிறது என்ற அச்சம் இங்கே எழுவதில்லை.

சேர்க்கையைக் கொண்டு ஆளை அளப்பதற்கு நம் இலக்கியத்திலேயே இடம் இருக்கிறதே என்று சிலர் குறளைக் காட்டுவதுண்டு. ‘நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும்’ என்பது 452. நீர் தான் சேர்ந்த நிலத்தின் தன்மையால் திரிவதுபோல, மாந்தர் அறிவு அவர்கள் சேர்ந்த இனத்தின் தன்மையால் திரியும் என்கிறது. அடுத்த குறள், ‘மனத்தானாம் மாந்தர்க் குணர்ச்சி இனத்தானாம் இன்னான் எனப்படுஞ் சொல்’. அதை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒருவனுக்குள் எழும் உணர்ச்சிக்கு இடம் மனம். ‘இவன் இன்னான்’ என்று உலகம் வழங்கும் பேருக்கு இடம் இனம். உலகம் இப்படித்தான் பேர் சூட்டும் என்று வள்ளுவர் எச்சரிக்கிறார். சூட்டிய பேரைக் கொண்டு அவன் சொல்லின் மெய்ம்மையை அளக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. அந்த அதிகாரம் யாரோடு சேர்வது என்று முடிவெடுக்கப் போகிறவனுக்கு உரியது. கேட்பவனுக்கு உரியது மூன்று அதிகாரம் முன்னே, ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’ என்று 423ஆம் குறளாக நிற்கிறது. பனைமரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்பார்கள் என்ற பழமொழியும் இப்படித்தான். குடிக்கிறவனுக்குச் சொன்ன புத்தியை, பார்க்கிறவன் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறான்.

இனி வளவுக்குத் திரும்புவோம். கொத்தனார் மாட்டிக்கொண்ட பொறியைப் பாருங்கள். மரம் உளுத்துவிட்டது என்று அவர் சொன்னால், பிரிப்பதற்கு வழி செய்கிறார் என்பார்கள். மரம் நன்றாக இருக்கிறது என்றால், விலை நன்றாக வரட்டும் என்று பேசுகிறார் என்பார்கள். எந்த விடை வந்தாலும் முன்னே சொன்ன பழிக்கே சான்றாகிவிடுகிறது என்றால், அது முன்பழி என்று கண்டுகொள்ளலாம். நியாயமான ஐயம் அப்படி இராது. இன்ன விடை வந்தால் என் ஐயம் தீரும் என்று அதற்கு ஓர் இடம் இருக்கும்.

கூட்டத்தில் இருந்த ஓர் ஆச்சிதான் முடிச்சை அவிழ்த்தார். “அவரு யாரு வீட்டுச் சோத்தைத் தின்னா நமக்கென்ன? எங்க ஓட்டையோ அங்க ஏறிக் குத்திக் காட்டச் சொல்லுங்க” என்றார். கொத்தனார் ஏணி வைத்து ஏறி, உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு நீள ஆணியை வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். மூலையில் இருந்த ஒன்றில் ஆணி பாதிக்குமேல் சத்தமில்லாமல் இறங்கியது. அடுத்தவற்றில் நுனிகூட ஏறவில்லை. இரண்டு ஓட்டுச் சரிவுகள் கூடும் மூலையில் தகரம் துருப்பிடித்து, நீர் அந்த ஒரு முனையில்தான் இறங்கியிருந்தது. இதைக் கண்ணால் பார்ப்பதற்குக் கொத்தனாரின் நேர்மையை யாரும் கடனாக வாங்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் கூலியும் மர விலையுமாக அவர் ஒரு தொகை சொன்னபோது நிலைமை வேறு. ஆணியை வைத்து அதை அழுத்திப் பார்க்க முடியாது. அவர் கணக்கை நம்பித்தான் ஆக வேண்டும். அங்கே அவருக்கும் பெரிய வீட்டுக்கும் உள்ள தொடர்பைக் கேட்பது தகும். இன்னொருவரிடமும் விலை கேட்டார்கள். சொன்னவரை விட்டுவிட்டுச் சொல்லை நேரே சோதிக்க முடிகிற இடத்தில் தொடர்பைப் பேசுவது வீண். அவர் வாய்ச்சொல்லே சான்றாகிற இடத்தில் அது பொருந்தும். நீதிமன்ற நடைமுறையும் இதை அறியும். சாட்சி கையூட்டுப் பெற்றவர் என்று காட்டி அவருடைய நம்பகத்தைத் தாக்குவதற்கு 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 155ஆம் பிரிவே இடம் கொடுத்தது. ஆனால் அதே சட்டத்தின் 138ஆம் பிரிவு வரிசையை வகுத்திருந்தது: முதலில் அழைத்தவர் கேட்கும் முதல் விசாரணை, பிறகுதான் எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணை. முன்பழியின் குறை அந்த வரிசையைக் கவிழ்ப்பதில் இருக்கிறது.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘கிணற்றில் நஞ்சிடல்’ பொருளைச் சரியாகக் காட்டாது என்பதை மேலே பார்த்தோம். ‘முன்கூட்டிய அவதூறு’ நீளம். அதோடு அவதூறு என்பது சட்டத்தில் தனிக் குற்றம், சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தைக் கொண்டுவரும். கொத்தனார் பெரிய வீட்டு வேலை பார்த்தது மெய்தானே. முன்பணம் என்று வழங்கும் நம் காதுக்கு ‘முன்பழி’ உடனே விளங்கும்: பொருள் கைக்கு வருமுன் கொடுக்கும் பணம் போலவே, பேச்சு வருமுன் சுமத்தும் பழி. மற்றதற்குக் ‘கூட்டுறவுப் பழி’ என்று யாரோ எழுதியதைப் பார்த்தேன். சங்கத்தில் கடன் கட்டாதவர் கதை என்றே முதலில் நினைத்தேன். ‘இனப்பழி’ குறளுக்கு நெருக்கம் என்றாலும், இனம் என்ற சொல் இன்று வேறு பக்கம் போய்விட்டது. ‘சேர்க்கை சரியில்லை’ என்று வீட்டில் தினமும் புழங்குவதால் ‘சேர்க்கைப் பழி’ போதும். கல்லூரிச் சேர்க்கையோடு குழம்பும் என்பார்கள். பக்கத்தில் பழி நிற்கும்போது குழம்பாது. முன்பழி சுமத்தினார், முன்பழிக்கு ஆளானார், சேர்க்கைப் பழி பேசினார் என்று வினைகளோடும் இவை இடறாமல் சேர்கின்றன.