பேட்டரிக்குள் இருக்கும் அமிலம் எங்கே போகிறது?

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் காற்று கொஞ்சம் பலமாக வீசினால் போதும். ரப்பர் மரக்கிளை ஒன்று மின்கம்பியில் சாய்ந்து மின்சாரம் நின்றுவிடும். அந்த நேரத்துக்காகப் பல வீடுகளில் இன்வெர்ட்டரும் அதோடு ஒரு ஈய-அமில பேட்டரியும் காத்திருக்கின்றன. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படிக்கும் மாணவருக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் பேட்டரியைத்தான். கைப்பேசி பேட்டரியைத் திறந்து பார்க்க முடியாது, திறக்கவும் கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரியிலோ மூடியைக் கழற்றி ஹைட்ரோமீட்டரை விட்டால், வேதிவினை எதுவரை நடந்திருக்கிறது என்பதை எண்ணாகவே படித்துவிடலாம்.

ஹைட்ரோமீட்டர் காட்டுவது அமிலக் கரைசலின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைப்போல் அது எத்தனை மடங்கு கனமானது என்பது. வீட்டு டியூபுலர் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகியிருக்கும்போது பெரும்பாலும் 1.240 அளவில் நிற்கும். இரவு முழுவதும் மின்விசிறி ஓடிய பிறகு பார்த்தால் இறங்கியிருக்கும். ஒரு சொட்டும் வெளியே சிந்தவில்லை. அப்படியானால் கரைசலிலிருந்த கந்தக அமிலம் எங்கே போனது?

ஒரு செல்லுக்குள் மூன்று பொருள்கள் இருக்கின்றன. எதிர்முனைத் தட்டில் பஞ்சுபோல் துளைகள் நிறைந்த ஈயம், நேர்முனைத் தட்டில் பழுப்பு நிற ஈய டைஆக்சைடு, இரண்டையும் நனைத்தபடி நீர்த்த கந்தக அமிலம். தட்டுகள் ஒன்றையொன்று தொடாமல் இடையே செப்பரேட்டர் நிற்கிறது. அது அயனிகளைக் கசியவிடும், எலக்ட்ரான்களைக் கடத்தாது. 1859இல் பிரான்சில் கஸ்தோன் பிளாந்தே செய்த முதல் பேட்டரியிலும் இந்த மூன்றுதான். தட்டு செய்யும் முறை மாறியிருக்கிறது, வேதியியல் மாறவில்லை.

எதிர்முனையில் ஈய அணு தன் இரண்டு எலக்ட்ரான்களைத் தட்டிலேயே விட்டுவிட்டு அயனியாகிறது. அந்த அயனி அமிலத்திலுள்ள சல்பேட்டோடு சேர்ந்து, ஈய சல்பேட் என்ற வெள்ளைத் திடப்பொருளாகத் தட்டின்மீதே படிகிறது:

Pb + HSO₄⁻ → PbSO₄ + H⁺ + 2e⁻

நேர்முனையில் ஈய டைஆக்சைடு எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. அங்கேயும் கிடைப்பது ஈய சல்பேட்தான், கூடவே தண்ணீர்:

PbO₂ + HSO₄⁻ + 3H⁺ + 2e⁻ → PbSO₄ + 2H₂O

மாணவர்கள் இந்தச் சமன்பாடுகளை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஈயமும் அமிலமும் நாள் முழுவதும் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. பிறகு ஏன் சுவிட்சைப் போடும்வரை வினை நிற்கிறது? ஏன் பேட்டரி தானாகவே தீர்ந்துவிடுவதில்லை?

சுவிட்ச் திறந்திருக்கும்போதும் வினை தொடங்கத்தான் செய்கிறது. மிகச் சொற்ப ஈய அணுக்கள் அயனியாகி எலக்ட்ரான்களைத் தட்டில் விடுகின்றன. அந்த எலக்ட்ரான்கள் போக வழியில்லாமல் அங்கேயே தேங்குகின்றன. தட்டின் எதிர் மின்னூட்டம் ஏற ஏற, நேர் அயனி ஒன்று தட்டைவிட்டுப் பிரிந்துபோவது கடினமாகிறது. ஒரு கட்டத்தில் வேதியியல் தள்ளுவதும் மின்விசை இழுப்பதும் சமமாகி, வினை நின்றுவிடுகிறது. எடை போட்டுக் கண்டுபிடிக்க முடியாத அளவு ஈயம் மாறியிருக்கும், அவ்வளவுதான். மறுபக்கத் தட்டிலும் இதேபோல, எலக்ட்ரான் பற்றாக்குறையால் நேர் மின்னூட்டம் உண்டாகி வினை நிற்கிறது. இப்படி இரண்டு பக்கமும் முட்டி நிற்கும்போது தட்டுகளுக்கிடையே உள்ள வேறுபாடுதான் நாம் மல்ட்டிமீட்டரில் படிக்கும் வோல்ட்டேஜ். ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட், ஆறு செல்லைத் தொடராக இணைத்தால் 12.5 வோல்ட்டுக்குச் சற்று மேல்.

சுவிட்சைப் போட்டதும் தேங்கியிருந்த எலக்ட்ரான்களுக்குக் கம்பி வழியே நேர்முனைக்குப் பாதை கிடைக்கிறது. அவை நகர்ந்த இடத்தை நிரப்ப இன்னும் சில ஈய அணுக்கள் அயனியாகின்றன. மறுமுனையில் வந்து சேரும் எலக்ட்ரான்களை ஈய டைஆக்சைடு உடனே வாங்கிக்கொள்கிறது. உள்ளே, எதிர்முனையில் வெளிப்பட்ட ஹைட்ரஜன் அயனிகள் செப்பரேட்டரைக் கடந்து நேர்முனைக்குச் செல்கின்றன. அமிலத்துக்குள் எலக்ட்ரான் ஓடுவதில்லை. அங்கே மின்னோட்டம் என்பது அயனிகளின் நகர்வு. ஒரு சுற்றில் பாதி தூரம் எலக்ட்ரான், மீதி தூரம் அயனி.

ஈயத் தூளையும் ஈய டைஆக்சைடுத் தூளையும் ஒன்றாகக் கலந்து அதே அமிலத்தில் போட்டாலும் இதே வினை நடக்கும். ஆனால் எலக்ட்ரான்கள் துகளுக்குத் துகள் நேராகத் தாவிவிடுவதால் கரைசல் சூடாவதோடு சரி. எலக்ட்ரானைக் கொடுக்கும் இடத்தையும் வாங்கும் இடத்தையும் பிரித்து வைத்து, நடுவே நம் மின்விசிறி வழியாகத்தான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதே பேட்டரி. செப்பரேட்டர் கிழிந்தால் அந்தக் கட்டாயம் போய்விடுகிறது. ஷார்ட் ஆன செல் சும்மா இருக்கும்போதே சூடாவதற்குக் காரணம் இதுதான்.

இப்போது கணக்கு. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. ஒரு மின்விசிறியும் இரண்டு எல்.இ.டி. விளக்குகளும் ஓடுகின்றன. இன்வெர்ட்டரின் சொந்த இழப்பையும் சேர்த்து 96 வாட் என்று வைத்துக்கொண்டால் பேட்டரியிலிருந்து 8 ஆம்பியர் போகும். ஐந்து மணி நேரத்தில் 40 ஆம்பியர்-மணி, அதாவது 1,44,000 கூலும். ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம் 96,485 கூலும் என்பதால், ஒவ்வொரு செல் வழியாகவும் ஏறக்குறைய 1.49 மோல் எலக்ட்ரான் சென்றிருக்கிறது.

இரண்டு எலக்ட்ரானுக்கு ஓர் ஈய அணு செலவாகிறது. ஆகவே 0.746 மோல் ஈயம்; எடையில் 155 கிராம். ஆறு செல்லுக்கும் சேர்த்தால் 930 கிராம். ஒரு மின்விசிறி ஐந்து மணி நேரம் சுற்றியதற்கு, எதிர்முனைத் தட்டுகளில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஈயம் உருமாறியிருக்கிறது! பேட்டரி ஏன் அவ்வளவு கனம் என்று கேட்பவர்களுக்கு நான் இந்த எண்ணைத்தான் சொல்வேன்.

அமிலக் கணக்கு இன்னும் சுவையானது. மேலே உள்ள இரண்டு சமன்பாடுகளையும் கூட்டினால் இது கிடைக்கும்:

Pb + PbO₂ + 2H₂SO₄ → 2PbSO₄ + 2H₂O

இரண்டு எலக்ட்ரானுக்கு இரண்டு மூலக்கூறு அமிலம் போகிறது. எனவே செல் ஒன்றில் 1.49 மோல், அதாவது 146 கிராம் கந்தக அமிலம் குறைந்து, 27 கிராம் தண்ணீர் புதிதாகச் சேர்கிறது. செல்லில் இரண்டு லிட்டர் கரைசல் இருப்பதாகக் கொள்வோம். ஒப்படர்த்தி 1.240 என்றால் அதில் சுமார் 800 கிராம் அமிலம் கரைந்திருக்கும். 146 கிராம் போனபின் மிஞ்சும் கரைசலின் ஒப்படர்த்தி ஏறக்குறைய 1.200. காணாமற்போன அமிலத்தின் சல்பேட் பகுதி இரண்டு தட்டுகளிலும் வெள்ளைப் படிவாக உட்கார்ந்திருக்கிறது. ஹைட்ரோமீட்டரில் நாற்பது புள்ளி இறங்கியதைப் பார்ப்பதும், கம்பி வழியே போன எலக்ட்ரான்களை எண்ணுவதும் ஒன்றேதான். வெளியிலிருந்து மின்னோட்டத்தை எதிர்த்திசையில் செலுத்திச் சார்ஜ் செய்யும்போது அந்தச் சல்பேட் மீண்டும் கரைசலுக்கு வருகிறது, ஒப்படர்த்தியும் பழைய நிலைக்கு ஏறுகிறது.

ஏறாவிட்டால்தான் சிக்கல். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தாக்கி மின்கம்பங்களைச் சாய்த்தபோது, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அப்படிப்பட்ட சமயத்தில் இன்வெர்ட்டர் பேட்டரி முதல் இரவிலேயே தீர்ந்து, சார்ஜ் ஆக வழியில்லாமல் கிடக்கும். புதிதாகப் படிந்த ஈய சல்பேட் மிக நுண்ணிய படிகங்களாக இருப்பதால் எளிதில் திரும்பக் கரையும். கிடக்கக் கிடக்க நுண்படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு சேர்ந்து தடிக்கின்றன. ஈய சல்பேட் மின்சாரத்தைக் கடத்தாது. பெரிய படிகம் கரைவதும் மெதுவாகவே. பிறகு மின்சாரம் வந்து எவ்வளவு நேரம் சார்ஜ் செய்தாலும் ஒரு பகுதி சல்பேட் தட்டைவிட்டு வராது. சார்ஜரின் வோல்ட்டேஜ் வேகமாக ஏறிவிடும், செல் சீக்கிரமே கொதிப்பதுபோல் குமிழிடத் தொடங்கும், ஆனால் ஒப்படர்த்தி 1.190, 1.200 என்ற அளவிலேயே நிற்கும். இதைத்தான் சல்பேட் ஏறிய பேட்டரி என்கிறார்கள்.

இந்த இடத்தில் சில கடைகளில் செய்யும் ஒரு வேலை எனக்கு எரிச்சலூட்டுவது. ஒப்படர்த்தி குறைவாக இருக்கிறது என்று சொல்லி அமிலத்தை ஊற்றிவிடுவார்கள். ஹைட்ரோமீட்டர் உடனே 1.240 காட்டும், வாடிக்கையாளர் நிம்மதியாகப் போவார். ஆனால் தட்டில் மாட்டிக்கொண்ட சல்பேட் அங்கேயேதான் இருக்கிறது. வேலை செய்யக்கூடிய ஈயம் ஒரு கிராம்கூடக் கூடவில்லை. கடுமையான அமிலம் தட்டுகளை விரைவாக அரிக்கிறது. சிந்தாத பேட்டரியில் சாதாரணமாகக் குறைவது தண்ணீர் மட்டுமே. சார்ஜின் கடைசிக் கட்டத்தில் செல்லின் வோல்ட்டேஜ் 2.4ஐத் தாண்டும்போது நீர் பிரிந்து ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் வெளியேறுகிறது. அதனால் ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர்தான். அந்த வாயுக்கலவை தீப்பற்றக்கூடியது என்பதால் பேட்டரி இருக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும், தீக்குச்சி கூடாது.

பழுதைக் கண்டுபிடிக்க நான் நம்புவது ஆறு செல்களையும் ஒப்பிடுவதை. தொடர் இணைப்பில் ஆறு செல்களிலும் ஒரே மின்னோட்டம்தான் போகிறது, ஆகவே ஆறிலும் அமிலம் ஒரே அளவு குறைய வேண்டும், ஒரே அளவு திரும்பி வர வேண்டும். முழுதாகச் சார்ஜ் செய்து, குமிழ்கள் அடங்கியபின் ஒவ்வொன்றாகப் படித்து எழுதுங்கள். ஆறும் ஒன்றுபோல் குறைவாக இருந்தால் சார்ஜ் போதவில்லை, அல்லது பேட்டரி முழுவதும் சல்பேட் ஏறியிருக்கிறது. மெதுவான மின்னோட்டத்தில் நீண்ட நேரம் சார்ஜ் செய்து பார்க்கலாம். ஐந்து செல் 1.240 காட்ட, ஒன்று மட்டும் 1.180 என்றால் அந்தச் செல்லில் உள்ஷார்ட்டோ வேறு கோளாறோ இருக்கிறது. அன்றைக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தால் மட்டும் அளவை நம்ப வேண்டாம். புதிய நீர் மேலேயே மிதந்துகொண்டிருக்கும். ஒருமுறை சார்ஜாகி, குமிழ்கள் கரைசலைக் கலக்கிவிட்ட பிறகு படித்தால்தான் சரியான எண் கிடைக்கும்.