ஒரே டெஸ்ட்டை ஒரே மூச்சில்: சிறிய லேபின் காலை ஷிஃப்ட்

தண்டையார்பேட்டை, காசிமேடு, ராயபுரம் வட்டாரத்துச் சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் பலவற்றில் இன்றும் மாதிரிகளை ஒவ்வொன்றாகக் கையால் வைத்துப் பார்க்கும் செமி ஆட்டோ அனலைசரே வேலை செய்கிறது. வெறும் வயிற்றில் வருபவர்கள் காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையில் மொத்தமாக வந்துவிடுவார்கள். அவர்களுக்கு ரத்தம் எடுப்பதும், டியூபைச் சுழற்றுவதும், கருவியில் பார்ப்பதும், ரிப்போர்ட் அடிப்பதும் பெரும்பாலும் ஒரே டெக்னீஷியன்தான்.

இங்கே நேரத்தைத் தின்பது டெஸ்ட்டை விட, ஒரு டெஸ்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதுதான். சர்க்கரை முடித்து யூரியா பார்க்க வேண்டுமானால், புரோகிராமை மாற்றி, ஃபில்டரை 505 நானோமீட்டரிலிருந்து 340-க்குக் கொண்டுபோய், டிஸ்டில்டு வாட்டரால் கழுவி, மாதிரி கலக்காத பிளாங்க்கை வைத்த பிறகே முதல் நோயாளியின் சீரத்தை, அதாவது உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீரை, தொட முடியும். சர்க்கரை, கொலஸ்ட்ரால், யூரியா ஆகிய மூன்றும் கேட்டு 12 பேர் வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆள்வாரியாகப் பார்த்தால் 36 முறை கருவியைத் தயார் செய்ய வேண்டும். டெஸ்ட்வாரியாகப் பார்த்தால் 3 முறை போதும். கழுவுவதில் அவசரப்பட்டால் முந்தைய டெஸ்ட்டின் வினைப்பொருளான ரீஏஜென்ட்டின் மிச்சம் அடுத்த அளவீட்டில் கலக்கும் என்பதால், மாற்றங்கள் குறையக் குறையத் தவறுகளுக்கான வாய்ப்பும் குறைகிறது.

வரிசையையும் ரத்தமே சொல்லிக்கொடுக்கிறது. சர்க்கரைக்காக ஃபுளோரைடு டியூபில் எடுத்த ரத்தம் உறைவதில்லை, அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சீரம் டியூபுக்கு அரை மணி நேரமாவது தேவை. ஆகவே ஃபுளோரைடு டியூப்களை முதலில் சுழற்றிச் சர்க்கரையை முடித்துவிட்டால், அதற்குள் சீரம் தயாராகி, அதே 505 ஃபில்டரில் கொலஸ்ட்ராலைத் தொடரலாம். சர்க்கரைக்கு ஒவ்வொரு டியூபிலும் 1000 மைக்ரோலிட்டர் ரீஏஜென்ட்டை வரிசையாக ஊற்றி, உறையாத ரத்தத்திலிருந்து பிரிந்த பிளாஸ்மாவில் 10 மைக்ரோலிட்டரைச் சேர்த்து, 37 டிகிரியில் கிட்டின் தாள் சொல்லும் நேரம், பொதுவாக 10 நிமிடம், வைக்கிறோம். இந்த நேரத்தை முதல் டியூபிலிருந்து எண்ணாமல், கடைசி டியூபில் பிளாஸ்மா விழுந்த நொடியிலிருந்து எண்ண வேண்டும். நிறம் முழுமையடைந்தபின் சிறிது நேரம் மாறாமல் நிற்பதால் முதல் டியூபுக்குப் பாதகமில்லை.

இந்தப் பழக்கத்தை அப்படியே சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் டெஸ்ட்டுக்குக் கொண்டுபோவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் ஆபத்து. கிரியேட்டினின், கல்லீரலுக்கான எஸ்.ஜி.பி.டி. போன்றவற்றில் கருவி அளப்பது ஒளி உறிஞ்சல் மாறும் வேகத்தை. கலந்த நொடியிலிருந்தே கணக்கு ஓடத் தொடங்கிவிடும். ஆறு டியூப்களிலும் சீரத்தை ஒன்றாகக் கலந்துவிட்டு ஒவ்வொன்றாக வைத்தால், ஆறாவது டியூபின் முறை வருவதற்குள் வேகமான முதல் கட்டம் கடந்துபோய், உண்மையைவிடக் குறைந்த எண் வரும். சிறுநீரகம் பழுதானவருக்கு ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் போய்விடக்கூடும். இவற்றில் சேர்த்துச் செய்யத்தக்கவை புரோகிராம், பிளாங்க், ரீஏஜென்ட் ஊற்றி 37 டிகிரிக்குச் சூடாக்குவது ஆகியவை மட்டுமே. சீரம் கலப்பதும் பார்ப்பதும் ஒவ்வொன்றாகத்தான். மதிப்பு முன்பே தெரிந்த கண்ட்ரோல் சீரத்தை வரிசையின் கடைசியில் வைத்துப் பாருங்கள்: அது மட்டும் குறைவாக வந்தால் யாரோ மொத்தமாகக் கலந்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

வரிசையாகச் செய்வதில் இன்னொரு பிசகும் உண்டு. ஐந்தாவது டியூபைத் தவறவிட்டு ஆறாவதின் பிளாஸ்மாவை அங்கே ஊற்றினால், அதற்குப் பின்னால் உள்ள எல்லோருடைய முடிவும் ஓர் இடம் தள்ளிப்போகும், எண்கள் எல்லாம் நம்பும்படியாகவே இருக்கும். ஆகவே மதிப்புத் தெரிந்த கண்ட்ரோலை நடுவிலும், எட்டாவது இடத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று செருகுவது நல்லது. அதன் மதிப்பு ஏழாவதில் தோன்றினால் அந்த வரிசை முழுவதையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

லேபிள் ஒட்டுவதை மட்டும் ஒருபோதும் சேர்த்து வைக்கக்கூடாது. ஊசி எடுத்த கையோடு, நோயாளி நாற்காலியை விட்டு எழுவதற்குள், அவர் வாயாலேயே பெயரைச் சொல்லச் செய்து எழுத வேண்டும். காலையிலேயே பெயரெழுதி அடுக்கிவைத்த காலி டியூப்கள் வேலையைச் சுலபமாக்குவதுபோல் தெரியும். ஒரே பெயரில் இருவர் வந்தால் அந்தச் சுலபம் தீர்ந்தது.

எத்தனை பேருக்காகக் காத்திருப்பது என்பதை எண்ணிக்கையால் முடிவு செய்யாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். செல்களோடு கிடக்கும் சாதா டியூபில் சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். பொட்டாசியமோ செல்லிலிருந்து கசிந்து பொய்யாக ஏறும். ரத்தம் எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் சீரம் பிரிந்திருக்க வேண்டும், மூன்றே டியூப்கள் இருந்தாலும் சரி. வியர்த்து மயங்கி வந்தவருக்கு வரிசையே கிடையாது: உடனே குளுக்கோமீட்டரில் விரல் ரத்தத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் டாக்டருக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வருபவர்களின் சர்க்கரை, பத்து மணிக்கு மேல் தானாகவே இரண்டாவது தொகுப்பாகச் சேரும். அதற்கும் புதிதாக பிளாங்க் வைத்தே தொடங்க வேண்டும்.