மின்கட்டணத்தில் ‘ஸ்லாப்’: அடுக்கு அல்ல, படி

கரண்ட் பில்லை எளிமையாக விளக்குகிறோம் என்று சொல்லி இன்ஸ்டாகிராமில் தள்ளித் தள்ளிப் பார்க்கும் படத் தொடர்கள் இப்போது நிறைய வருகின்றன. யூனிட் என்றால் என்ன, எத்தனை யூனிட்டுக்கு எவ்வளவு, மின்சாரத்தைக் குறைப்பது எப்படி என்று ஏழெட்டுப் படங்கள் இருக்கும். நல்ல முயற்சிதான். ஆனால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் நடுவில் ஒரு படம் வந்துவிடுகிறது: “நீங்கள் எந்த அடுக்கில் இருக்கிறீர்கள்?” அதற்குக் கீழே 0–100, 101–200, 201–400 என்று வண்ணப் பெட்டிகள். ஆங்கில ‘ஸ்லாப்’புக்கு ஈடாக வைத்த இந்த ‘அடுக்கு’ என்ற சொல்லும், அது வந்து உட்கார்ந்திருக்கும் இந்தக் கேள்வியும் தவறு. படிக்கிற வீட்டுக்காரர்கள் அதை நம்பித் தப்பான நாளில் தப்பான பொருளை அணைக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஸ்லாப். இடைக்கால ஆங்கிலத்தில் தட்டையான, தடித்த கல் அல்லது பலகைத் துண்டுக்குப் பெயர். அதற்கு முந்தைய வேர் தெளிவாக இல்லை. நம் வீடுகளில் அடுப்பு வைக்கும் மேடையையும், அண்டா குண்டா ஏற்றி வைக்கும் கான்கிரீட் தட்டையும் ஸ்லாப் என்கிறோம். அது மூலப்பொருளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வருமான வரி, மின்கட்டணம் ஆகியவற்றுக்கு வரும்போது அதன் பொருள் இதுதான்: மொத்த அளவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனி விலை வைப்பது. இதில் உயிரான சொல் ‘துண்டு’. விலை யூனிட்டுக்கு விழுகிறது, வீட்டுக்கு விழுவதில்லை.

‘அடுக்கு’ இதைச் சொல்லவில்லை. அடுக்குமாடியில் நான் மூன்றாவது அடுக்கில் குடியிருக்கிறேன் என்றால் முதல் அடுக்குக்கும் எனக்கும் தொடர்பு கிடையாது. வாடகையும் மூன்றாவது அடுக்குக்கு மட்டும்தான். “நீங்கள் 201–400 அடுக்கின் கீழ் வருகிறீர்கள்” என்று எழுதினால் வாசிப்பவர் மனதில் இதுதான் பதியும்: என் வீடு முழுக்க அந்த அடுக்குக்குப் போய்விட்டது, என் எல்லா யூனிட்டுக்கும் அந்த விலைதான். எங்கள் பாளையங்கோட்டைத் தெருவில் ஒரு அக்கா என்னைக் கேட்டதும் இதே கேள்விதான்: “அண்ணாச்சி, இருநூத்தி ஒண்ணு வந்துட்டா மொத்தத்துக்கும் நாலரை ரூவா போட்டுருவானாமே?” ரீடிங் எடுக்க ஆள் வருவதற்கு முந்தின ரெண்டு நாளும் அவர் பிரிட்ஜை அணைத்து வைத்திருந்தார். மாவு புளித்து வீணாகப் போனதுதான் மிச்சம்.

கணக்கைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டு விகிதத்தை எடுத்துக்கொள்கிறேன். 2024 ஜூலையில் கட்டணம் கொஞ்சம் ஏறியது. ஆனாலும் 2022 எண்கள் சுலபமாக இருப்பதால் மனக்கணக்குக்கு வசதி. கணக்கின் போக்கும் அன்று அமைந்ததுதான். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100-க்கு யூனிட் 2.25 ரூபாய். 201 முதல் 400 வரை 4.50. 401 முதல் 500 வரை 6 ரூபாய். 200 யூனிட் எரித்த வீட்டுக்கு 225 ரூபாய். 201 எரித்தால் 229.50. கூடுதல் ஒரு யூனிட்டுக்கு நாலரை ரூபாய், அவ்வளவுதான். கீழே உள்ள 200 யூனிட்டை யாரும் தொடுவதில்லை.

இதற்குத் தமிழில் ‘படி’ என்ற சொல் கையருகே இருக்கிறது. மூன்றாம் படியில் நிற்பவர் முதல் இரண்டு படிகளையும் மிதித்துத்தான் வந்திருக்கிறார். 300 யூனிட் எரித்த வீடு முதல் படியில் நூறு, இரண்டாம் படியில் நூறு, மூன்றாம் படியில் நூறு எரித்திருக்கிறது என்று சொன்னால் பள்ளிப் பிள்ளைக்கும் கணக்கு வந்துவிடும். கேள்வியும் தானாகத் திருந்திவிடும். “நீங்கள் எந்த அடுக்கு?” என்பதற்குப் பதில் “இந்த யூனிட் எந்தப் படி?” என்று கேட்போம்.

படி என்ற சொல்லுக்கு ஒரு எதிர்ப்பு உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. பஞ்சப்படி, பயணப்படி இருக்கின்றன, அரிசி அளக்கிற படி இருக்கிறது, ‘சொன்னபடி’ இருக்கிறது. ‘கட்டணப்படி’ என்று சேர்த்து எழுதினால் ‘கட்டணத்தின்படி’ என்று மயங்க இடம் உண்டு. அதனால் சேர்த்து எழுத வேண்டாம் என்பதே என் முடிவு. எண்ணை முன்னால் வைத்து முதல் படி, இரண்டாம் படி என்றால் குழப்பமே இல்லை. மொத்தத்தையும் சொல்லக் கட்டணப் படிக்கட்டு எனலாம். சிலர் ‘படிநிலை’ என்கிறார்கள். அது பதவி உயர்வு, சாதி, அதிகாரம் போன்றவற்றின் ஏற்றத்தாழ்வுக்கே ஒட்டிப்போய்விட்டது. மறுபடியும் ஆளைத்தான் நிறுத்தி வைக்கும், யூனிட்டை அல்ல.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இருநூறைக் கண்டு அந்த அக்கா பயந்தது வெறும் வதந்தியால் அல்ல. 2022-க்கு முன்பு இருநூறு உண்மையிலேயே ஒரு கோடாக இருந்தது. அப்போது 200 யூனிட்டுக்குள் முடித்த வீட்டுக்கு இரண்டாம் நூறு யூனிட் 1.50 வீதம், நிலைக்கட்டணம் 20 சேர்த்து 170 ரூபாய். 201 ஆகிவிட்டால் அந்த இரண்டாம் நூறுக்கே 2 ரூபாய் வீதம் போட்டு, நிலைக்கட்டணத்தையும் 30 ஆக்கி, 233 ரூபாய் வந்துவிடும். ஒரே யூனிட்டுக்கு 63 ரூபாய். அந்த அனுபவம்தான் இன்னும் ஊரில் பேச்சாக நிற்கிறது. 2022-இல் அந்தக் கோட்டை எடுத்துவிட்டார்கள். வீடுகளுக்கு நிலைக்கட்டணமும் போயிற்று. விளக்கப் படம் போடுகிறவர் இதைத் தெரிந்துகொண்டு “அந்தக் கோடு இப்போது இல்லை” என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். ‘அடுக்கு’ என்று எழுதிப் பழைய பயத்தைப் புதுப்பித்திருக்கக் கூடாது.

அப்படியானால் கோடே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. அது ஐந்நூறு. அதற்குப் படி என்ற சொல் பொருந்தாது. இங்கேதான் ‘வரம்பு’ வேண்டும். தாமிரபரணிப் பாசனத்தில் வயலைப் பார்த்தவர்களுக்கு வரம்பு என்றால் விளக்கம் வேண்டாம்: தாண்டினால் வேறு வயல். 500 வரை எரித்த வீட்டுக்கு ஒரு பட்டியல், 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு வேறு பட்டியல். இரண்டாவது பட்டியலில் 101 முதல் 400 வரை எல்லாமே 4.50, அதாவது 101–200-க்கான அந்தப் பாதி விலைச் சலுகை போய்விடும். 401–500-க்கு அதே 6. 501–600-க்கு 8 ரூபாய். ஆகவே 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 233. அதில் 8 ரூபாய் அந்த யூனிட்டுக்கு, 225 ரூபாய் பறிபோன சலுகைக்கு.

படத் தொடர்களில் இந்த 500-ம் மற்றப் பெட்டிகளைப் போலவே இன்னொரு வண்ணப் பெட்டியாக நிற்கிறது. படி, வரம்பு இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டதன் விளைவு அது. பயப்படத் தேவையில்லாத இருநூறில் மக்கள் பயந்து, பார்க்க வேண்டிய ஐந்நூறைப் பார்க்காமல் விடுகிறார்கள். தமிழாக்கம் செய்கிறவர்கள் ஆங்கிலச் சொல்லுக்கு நேராக அகராதியில் இருக்கும் ஒரு சொல்லை எடுத்து வைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. பில்லை ஒரு தடவை கையில் எடுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

வரம்பை எப்படிப் பார்ப்பது? கடைசியாக ரீடிங் எடுத்த எண் அட்டையிலோ பில்லிலோ இருக்கும். ஐம்பதாம் நாள் வாக்கில் மீட்டரைப் பாருங்கள். போன தடவை 18240, இப்போது 18670 என்றால் 430 யூனிட். நாளுக்கு 8.6. இதே போக்கில் அறுபதாம் நாள் 516 ஆகும். அதே 2022 விகிதத்தில் பில் 2078 ரூபாய். மீதிப் பத்து நாளில் 70 யூனிட்டுக்குள் நின்றால் 1725-லேயே முடிந்துவிடும். வித்தியாசம் 353 ரூபாய். குறைக்க வேண்டியது நாளுக்கு 1.6 யூனிட்தான்.

யூனிட் என்பதை ‘அலகு’ ஆக்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. அலகு எல்லா அளவைக்கும் பொது. லிட்டரும் அலகு, மீட்டரும் அலகு. மீட்டர் பெட்டியைப் பார்க்கிறவர் யூனிட் என்றுதான் சொல்வார், அப்படியே இருக்கட்டும். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். சில படங்களில் “1 யூனிட் = 1000 வாட்” என்று மணி நேரத்தை விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் எதையுமே கணக்கிட முடியாது.

மணி நேரத்தைச் சேர்த்துப் பார்த்தால் அந்த 1.6 யூனிட் எங்கே இருக்கிறது என்று தெரியும். 2000 வாட் வெந்நீர்க் கொதிகலன் அரை மணி நேரத்தில் ஒரு யூனிட். ஒன்றரை டன் ஏசி, கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும்போது, மணிக்கு ஒன்றரை யூனிட்டை ஒட்டி இழுக்கும். இரவு முழுக்க ஓடும் ஏசியை விடியுமுன் நின்றுபோகும்படி டைமர் வைத்து, காலையில் குளிக்கும் வெந்நீரையும் ஒருவருக்குப் பின் ஒருவராக உடனே எடுத்துக்கொண்டால், அந்தப் பத்து நாளைச் சமாளித்துவிடலாம். செல்போன் சார்ஜரைப் பிடுங்கு என்பது போன்ற அறிவுரைகள் இந்தக் கணக்கில் காசு பெறாது.

நிரந்தரமாக இறங்க வேண்டுமென்றால் விசிறிதான். பழைய விசிறி 75 வாட். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட்டுக்கு மேல். பி.எல்.டி.சி. என்ற புதுவகை மோட்டார் வைத்த 30 வாட் விசிறி அதே நேரத்துக்கு 27 யூனிட். ஒரு விசிறிக்கு 40 யூனிட் மிச்சம். மேலே சொன்ன 516 யூனிட் வீட்டில் மூன்று விசிறிகளை மாற்றினால் 396 ஆகிவிடும். பில் 1107 ரூபாய். நம்மூர்ச் சித்திரை வைகாசியில் மூன்றும் அவ்வளவு நேரம் ஓடும், சாரல் காலத்தில் ஓடாது. அப்போது மிச்சமும் குறையும். இந்த விசிறியை மாட்டும்போது சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேரடியாக இணைக்கச் சொல்லுங்கள். அதன் வேகத்தை அதன் ரிமோட்டே பார்த்துக்கொள்ளும்.