2.33 லாரி: பின்னத்தை வெட்டும்போது விடையையும் வெட்டிவிடாதீர்கள்

லாரித் திட்டத்தை நேரியல் நிரலாக எழுதித் தீர்த்தால், விடை பெரும்பாலும் பின்னமாகவே வரும். அதைப் பார்த்ததும் பலர் செய்வது, பக்கத்து முழு எண்ணுக்கு மாற்றிக்கொண்டு வேலையை முடித்துவிடுவது. அதில் எவ்வளவு போகிறது என்பதை ஒரு சிறிய கணக்கிலேயே பார்த்துவிடலாம்.

பெரிய லாரி 9 டன் ஏற்றும், அதற்கு இரண்டு ஆட்கள் வேண்டும். சிறிய லாரி 5 டன் ஏற்றும், ஒரு ஆள் போதும். கையில் இருப்பவர்கள் 9 பேர். சரக்கேற்றும் மேடை ஒன்றுதான், அது 174 நிமிடம் கிடைக்கும். பெரியதற்கு ஏற்ற 30 நிமிடம், சிறியதற்கு 24 நிமிடம். அதிகபட்சம் எத்தனை டன் அனுப்பலாம்?

பெரிய லாரிகள் x, சிறியவை y என்று வைத்துக்கொள்வோம். நேரக் கட்டுப்பாட்டை 6 ஆல் வகுத்துவிட்டால் கணக்கு இப்படி நிற்கும்:

```
max z = 9x + 5y
2x +  y + s1 = 9
5x + 4y + s2 = 29
```

s1 என்பது வேலையில்லாமல் மிஞ்சும் ஆட்கள். s2 என்பது மேடையில் மிஞ்சும் நேரம், 6 நிமிடத்தை ஒரு அலகாகக் கொண்டு. முழு எண் நிபந்தனையைத் தளர்த்தித் தீர்த்தால் x = 2.33, y = 4.33, z = 42.67 டன்.

இரண்டையும் கீழே இறக்கினால் (2, 4) வரும். அதன் சுமை 38 டன்தான். சிறியதை ஒன்று கூட்டி (2, 5) ஆக்கினால் 180 நிமிடம் ஆகிறது, மேடை போதாது. பெரியதைக் கூட்டி (3, 4) ஆக்கினால் 10 ஆட்கள் வேண்டும். ஆனால் உண்மையான சிறந்த விடை (3, 3), 42 டன். பெரிய லாரி 2.33 இலிருந்து மேலே போகிறது, சிறியதோ 4.33 இலிருந்து ஒரு படி தாண்டி 3 க்கு இறங்குகிறது. எந்த முழுமையாக்கல் விதியும் இந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்காது.

இந்தச் சிக்கலுக்கு ரால்ஃப் கோமரி 1958 இல் வெளியிட்ட வழிதான் வெட்டுத்தள முறை. அமெரிக்கக் கடற்படைக்கான ஒரு திட்டக் கணக்கில் 1.3 விமானந்தாங்கிக் கப்பல் என்று விடை வந்ததுதான் அவரை இதில் இறங்கவைத்தது. கப்பலானாலும் லாரியானாலும் வழி ஒன்றே: பின்ன விடை மட்டும் வெளியே விழுந்து, செல்லுபடியாகும் முழு எண் திட்டம் ஒன்றுகூட வெளியே போகாதபடி புதிய கட்டுப்பாடு ஒன்றைச் சேர்த்துவிட்டு மறுபடி தீர்ப்பது.

அந்தக் கட்டுப்பாடு சிம்ப்ளெக்ஸின் கடைசி அட்டவணையிலேயே இருக்கிறது:

```
x +  4/3 s1 - 1/3 s2 = 7/3
y -  5/3 s1 + 2/3 s2 = 13/3
z + 11/3 s1 + 1/3 s2 = 128/3
```

ஏதாவது ஒரு வரிசையை எடுத்து, ஒவ்வொரு கெழுவிலும் வலப்பக்க எண்ணிலும் பின்னப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடக் குறையக்கூடாது என்று எழுதினால் அதுவே வெட்டு. x வரிசையில் 4/3 இன் பின்னம் 1/3. -1/3 க்கு வரும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். அதற்குக் கீழே உள்ள முழு எண் -1, ஆகவே பின்னம் 2/3. நிரலில் floor போடாமல், பூச்சியத்தை நோக்கி வெட்டும் int போட்டால் -1/3 என்றே தங்கிவிடும். அப்போது கிடைக்கும் s1 - s2 ≥ 1 என்ற வெட்டு, (3, 3) ஐயே தூக்கி எறிந்துவிடும். சரியான வெட்டு s1 + 2s2 ≥ 1. x, y இல் எழுதினால் 4x + 3y ≤ 22.

இதைச் சேர்த்துத் தீர்த்தால் (2.5, 4), 42.5 டன். இன்னும் பின்னம்தான். அதே வழியில் புதிய x வரிசையிலிருந்து இரண்டாவது வெட்டு எடுத்தால் 3x + 2y ≤ 15 வரும், அதோடு (3, 3) கிடைத்துவிடும்.

ஆனால் முதலிலேயே z வரிசையை எடுத்திருந்தால் ஒரே வெட்டில் முடிந்திருக்கும். 2/3 s1 + 1/3 s2 ≥ 2/3 என்பதை x, y க்கு மாற்றினால் நேராக 3x + 2y ≤ 15 தான். டன் கணக்குகள் முழு எண்களாக இருப்பதால் z உம் முழு எண்ணாகவே இருந்தாக வேண்டும், அதனால்தான் இந்த வரிசையைப் பயன்படுத்த முடிகிறது. பெரிய லாரி 8.7 டன் என்றிருந்தால் அப்படியே எடுக்கக்கூடாது.

வெட்டு சரிதானா என்று கையாலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆள் கட்டுப்பாட்டை 2/3 ஆலும் நேரக் கட்டுப்பாட்டை 1/3 ஆலும் பெருக்கிக் கூட்டினால் 3x + 2y ≤ 15.67. இடப்பக்கம் முழு எண்ணாகவே வரும் என்பதால் அது 15 க்கு மேல் போக வழியில்லை. அவ்வளவுதான் சூட்சுமம்.

இனி நான் மிகவும் அஞ்சும் பிழைக்கு வருகிறேன். நேரத்தை மணியில் எழுதுவது எல்லோருக்கும் இயல்பு: 0.5x + 0.4y ≤ 2.9. நேரியல் நிரலின் விடை துளிகூட மாறாது, அதே 2.33, 4.33. ஆனால் இப்போது s2 என்பது மணி, அது 0.2 ஆகவும் இருக்கலாம். கோமரி வெட்டோ மிச்ச மாறிகளும் முழு எண்கள் என்று எடுத்துக்கொண்டே கட்டப்பட்டது. x வரிசையில் s2 இன் கெழு இப்போது -10/3, பின்னம் மறுபடி 2/3. ஆகவே வெட்டு பழைய உருவத்திலேயே வருகிறது: s1 + 2s2 ≥ 1. (3, 3) இல் ஆள் மிச்சமில்லை, நேரம் 0.2 மணி மிச்சம். இடப்பக்கம் 0.4 தான், நல்ல விடை வெட்டுப்பட்டுவிட்டது.

இதன் பிறகு தீர்த்தால் விடை (4, 1), 41 டன். முழு எண்கள், எந்தக் கட்டுப்பாடும் மீறப்படவில்லை, முறையும் முடிந்துவிட்டதாகச் சொல்கிறது. பிழைச்செய்தி எதுவும் வராது. ஒரு டன் காணாமல் போனதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஆகவே வெட்டத் தொடங்குமுன் எல்லாக் கட்டுப்பாடுகளையும் முழு எண் கெழுக்களுக்கு மாற்றுங்கள். அதன் பிறகு இடப்பக்கக் கெழுக்களின் பொதுக் காரணியால் வகுத்து, வலப்பக்கத்தைக் கீழே இறக்குங்கள். மேடை 177 நிமிடம் கிடைத்தாலும் 29.5 என்பது 29 ஆகவே முடியும். அது செலவில்லாமல் கிடைக்கும் வெட்டு. வகுக்காமல் 30, 24 என்றே விட்டால் வெட்டு தவறாகாது, ஆனால் மிக மெல்லியதாக இருக்கும். பின்னக் கெழுக்களைத் தவிர்க்கவே முடியாத இடத்தில், கோமரியே பின்னர் தந்த கலப்பு முழு எண் வெட்டுதான் பொருத்தம். அது மிச்ச மாறியைத் தொடர் மாறியாகவே நடத்தும்.

கணினியில் 1/3 என்பது 0.333... என்று சற்றே தேய்ந்துதான் நிற்கும். வெட்டுகள் பெருகப் பெருக அந்தத் தேய்மானம் கூடும். 2.9999999 ஐப் பின்னம் என்று நினைத்து வெட்டினால், வலப்பக்கம் 0.9999999 ஆகி நல்ல திட்டங்களையே வெட்டக்கூடும். வலப்பக்கப் பின்னம் 0 க்கோ 1 க்கோ மிக நெருங்கியிருந்தால் அந்த வரிசையைத் தொடாதீர்கள். சில சுற்றுகளுக்குப் பிறகு z அசையவில்லை என்றால் வெட்டுவதை நிறுத்தி, x ≤ 2, x ≥ 3 என்று கிளை பிரித்துத் தேடுவதே நல்லது. இன்றைய தீர்ப்பான்கள் இரண்டையும் கலந்துதான் ஓடுகின்றன.

சொந்தமாக நிரல் எழுதுபவர்கள், நடைமுறையில் ஏற்கெனவே ஓடிய திட்டங்கள் சிலவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, புதிய வெட்டு ஒவ்வொன்றிலும் அவற்றைப் போட்டுப் பாருங்கள். z வரிசையிலிருந்து எடுத்த வெட்டில் (2, 4) 14, (4, 1) 14, (1, 6) 15, (3, 3) 15. நான்கும் உள்ளேயே நிற்கின்றன. மணிக்கணக்கில் வந்த வெட்டை x, y இல் எழுதினால் 3x + 1.8y ≤ 13.8. (2, 4), (4, 1) இரண்டும் தப்பிவிடும், (1, 6) இல் 13.8, அதுவும் தப்பிவிடும். (3, 3) மட்டும்தான் 14.4 ஆகி வெளியே விழும். சோதனைப் பட்டியலில் அது இல்லையென்றால் பிழை பிடிபடாது. எனவே பட்டியலில் ஆட்களையோ மேடையையோ முழுவதுமாகப் பயன்படுத்தும் திட்டங்கள் கட்டாயம் இருக்கட்டும். வெட்டு விழுவது அந்த ஓரத்தில்தான்.